கான்டனீஸின் ஆறு தொனிகள்: மாண்டரினுக்குப் பிறகு கற்ற ஒரு தமிழரின் நெடுநாள் அனுபவம்

மாண்டரினை ஓரளவு பேசப் பழகிய பின்னரே நான் கான்டனீஸுக்கு வந்தேன். ஹாங்காங்கில் பல ஆண்டுகளாக அன்றாடம் அதனோடு புழங்கியும் வருகிறேன். ஓர் அசையின் பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்றத்தாழ்வுகளைத்தான் தொனிகள் என்கிறோம். மாண்டரினின் நான்கு தொனிகள் தெரிந்தவர் மேலும் இரண்டைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் அந்தக் கணக்கு பொருந்தவில்லை, ஏனெனில் இரு மொழிகளும் தொனிகளைப் பிரித்தறியும் முறையே வேறு.

மாண்டரினில் முதல் தொனி உயரத்தில் சமமாக நிற்கும், இரண்டாவது ஏறும், மூன்றாவது தாழ்ந்து கிடந்து, நிறுத்திச் சொல்லும்போது மட்டும் இறுதியில் எழும், நான்காவது உச்சியிலிருந்து விழும். நான்கும் நான்கு வடிவங்கள் என்பதால், முன்பின் தெரியாத ஒருவர் ஓர் அசையை மட்டும் சொன்னாலும் அது எந்தத் தொனி என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கான்டனீஸில் ஒன்று, மூன்று, ஆறு ஆகிய மூன்று தொனிகளும் சமத்தொனிகள். அவற்றுக்கிடையே வடிவத்தில் வேறுபாடே இல்லை, உயரத்தில் மட்டுமே உண்டு. மொழியியலாளர் யுவென் ரென் சாவ் 1930இல் முன்வைத்த ஐந்துபடி அளவுகோலில் அவை 55, 33, 22 என்று குறிக்கப்படுகின்றன. அதில் 1 அடி, 5 உச்சி, முதல் இலக்கம் அசை தொடங்கும் உயரம், இரண்டாவது முடியும் உயரம். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இரண்டு படி இடைவெளி இருக்க, மூன்றாவதற்கும் ஆறாவதற்கும் ஒரே படிதான். கற்பவர்கள் இடறி விழும் இடமும் அதுதான்.

இந்த உயரங்கள் பேசுபவரின் குரலைப் பொறுத்தவை. பாடகர் தம் குரலுக்கேற்பச் சுருதி வைத்துக்கொண்ட பிறகே அவருடைய மற்ற ஸ்வரங்களின் இடம் நமக்குப் பிடிபடுவதைப் போல, கான்டனீஸ் பேசுபவரின் குரல் எந்த எல்லைக்குள் உலவுகிறது என்பது தெரிந்த பிறகே அவர் சொன்னது மூன்றாம் தொனியா ஆறாம் தொனியா என்று காது முடிவு செய்கிறது. போதாக்குறைக்கு, வாக்கியம் முடிவை நெருங்க நெருங்கக் குரல் பொதுவாகவே சற்றுத் தாழ்வதால், கடைசியில் வரும் மூன்றாம் தொனி தொடக்கத்தில் வந்த ஆறாம் தொனியின் உயரத்துக்கே இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே ஒற்றை அசையைப் பதிவு செய்து மதிப்பெண் போடும் செயலிகள் மாண்டரினுக்கு உதவிய அளவுக்குக் கான்டனீஸுக்கு எனக்கு உதவவில்லை.

எனக்கு உண்மையில் உதவியது 394052 என்ற எண் வரிசை. இது கற்பவர்களிடையே பரவலாகப் புழங்கும் உத்தி. இந்த இலக்கங்களைக் கான்டனீஸில் சொன்னால் ஒன்று முதல் ஆறு வரையிலான தொனிகள் வரிசையாக வந்துவிடும். ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993இல் வகுத்த யுட்பிங் என்ற ரோமன் எழுத்துமுறையில் அது இவ்வாறு அமையும், ஒவ்வோர் அசையின் இறுதியிலும் உள்ள எண் அதன் தொனி:

```
saam1 gau2 sei3 ling4 ng5 ji6
```

எந்தச் சொல்லில் ஐயம் வந்தாலும் அதை இந்த வரிசைக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பார்ப்பேன். குறிப்பாக `sei3`, `ji6` இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் மூன்றாவதற்கும் ஆறாவதற்கும் உள்ள அந்த ஒரு படி காதில் விழத் தொடங்கும்.

மாண்டரின் பழக்கம் எங்கே கைகொடுக்காது என்பதைக் காட்ட, வாங்குவதற்கும் விற்பதற்கும் உரிய சொற்களைவிடப் பொருத்தமான இணை எனக்குத் தெரியவில்லை. மாண்டரினில் வாங்குவது `mai3`, விற்பது `mai4`. ஒன்று தாழ்ந்து கிடக்கிறது, மற்றது உச்சியிலிருந்து விழுகிறது, குழப்பத்துக்கு இடமே இல்லை. கான்டனீஸில் அவை `maai5`, `maai6`. ஐந்தாம் தொனி தாழ்விலிருந்து நடு உயரம் வரை மெல்ல ஏறுவது, அதாவது 23. ஆறாவது 22இல் அப்படியே நிற்பது. இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் தொடங்குவதால் வேறுபாடு முழுவதும் அசையின் பின்பாதியில்தான் இருக்கிறது. 'நான்' என்பதற்கான `ngo5` ஐந்தாம் தொனியில் இருப்பது இங்கே நல்வாய்ப்பு: `ngo5 maai5` என்னும்போது ஒரே இசை இரண்டு முறை ஒலிக்க வேண்டும், `ngo5 maai6` என்னும்போது இரண்டாவது அசை ஏறாமல் நிற்க வேண்டும். வணிகத்தைக் குறிக்கும் `maai5 maai6` என்ற சொல்லில் இரண்டும் அருகருகே இருப்பதால், அதைப் பதிவு செய்து பிராட் என்ற இலவச மென்பொருளில் சுருதிக் கோட்டைப் பார்ப்பது என் வழக்கம். முதல் அசையின் கோடு இறுதியில் மேல்நோக்கி வளைய வேண்டும். அந்த வளைவு முதல் தொனியின் உயரம் வரை போய்விட்டால், சொன்னது ஐந்தாவது அன்று, இரண்டாவது. ஏறும் தொனிகளான இவ்விரண்டும் கீழேயே தொடங்குகின்றன. எங்கே போய் முடிகின்றன என்பதே அவற்றைப் பிரிக்கிறது.

மாண்டரின் அறிவு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. சீனத்தின் தொன்மையான ஒலியமைப்பு இரு மொழிகளிலும் வெவ்வேறாகப் பிளந்ததால் சில ஒழுங்குகள் எஞ்சியுள்ளன. ம, ந, ல, ங ஒலிகளில் தொடங்கும் சொற்களில் மாண்டரினின் மூன்றாம் தொனி பெரும்பாலும் கான்டனீஸின் ஐந்தாவதாகவும், நான்காம் தொனி ஆறாவதாகவும் வரும். மேலே கண்ட இணையே அதற்குச் சான்று. சொல்லின் தொனியை ஊகிக்க இது மிகவும் உதவும், ஆனால் வாய் பழைய இசையையே தேடும். மாண்டரினின் ஏறும் இரண்டாம் தொனிக்கு நிகராகக் கான்டனீஸில் பெரும்பாலும் வருவது நான்காம் தொனி. அது தாழ்வில் தொடங்கி மேலும் அடியில் இறங்கும். பூஜ்யத்துக்கான சொல் மாண்டரினில் ஏறுகிறது, கான்டனீஸில் இறங்குகிறது. சர்க்கரையைக் குறிக்கும் `tong4` என்பதை மாண்டரின் பழக்கத்தில் ஏற்றிச் சொன்னால் அது `tong2` ஆகி மிட்டாயாகிவிடும். கடைக்காரர் புரிந்துகொண்டு சிரிப்பார். எல்லாச் சொற்களுக்கும் இவ்வளவு சலுகை கிடைக்காது.

தமிழருக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. முதலாவது, க், ட், ப் ஒலிகளில் அடைபட்டு முடியும் அசைகள். மாண்டரின் இவற்றை இழந்துவிட்டதால் அங்கே பயிற்சி கிடைக்காது. தமிழ் நாவோ வல்லினத்தில் நிற்க விரும்பாமல் ஓர் உகரத்தைச் சேர்க்கிறது. பத்தைக் குறிக்கும் `sap6` 'ஸப்பு' ஆகும்போது, அந்த உகரம் தனக்கென ஒரு சுருதியைக் கொண்டுவந்து தொனியைக் கலைத்துவிடுகிறது. உதட்டை மூடியபடியே விட்டுவிட வேண்டும். இவ்வசைகளில் பெரும்பாலானவை மூன்று சமத்தொனிகளில் மட்டுமே வருவதால், ஏழு, எட்டு, ஆறு என `cat1 baat3 luk6` சொல்வது அந்த மூன்று உயரங்களுக்கும் நல்ல பயிற்சி. (மரபாக ஒன்பது தொனிகள் என்று கணக்கிடுவோர் இந்த மூன்றையும் தனியே எண்ணுகிறார்கள்.)

இரண்டாவது, கேள்வியின் இறுதியில் குரலை ஏற்றும் வழக்கம். 'விற்கிறீர்களா' என்பதன் ஆகாரத்தை ஏற்றுவது போலவே `maai6 m4 maai6 aa3` என்பதன் கடைசி அசையையும் நாம் ஏற்றிவிடுகிறோம். அந்த `aa3` நடு உயரத்தில் சமமாக நிற்க வேண்டியது. 'விற்க-இல்லை-விற்க' என்ற வாக்கிய அமைப்பே கேள்வியைச் செய்துவிடுவதால் குரலுக்கு அங்கே வேலையில்லை. அதையே தாழ்த்தி `aa4` என்று ஒரு கூற்றின் முடிவில் வைத்தால், வியப்போடு உறுதிப்படுத்தக் கேட்பதாகிவிடும்.

ஹாங்காங்கின் இளைய தலைமுறையினர் சிலரது பேச்சில் இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் ஆறாவதும் ஒன்றோடொன்று கலந்துவருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே மாதிரிக் குரலாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முன், அவரை `maai5 maai6` சொல்லச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.