தராசும் கொப்பியும்: சாப்பிட்டதை எழுதிய 16 மாதங்கள்

ஹட்டனில் ஒரு கடையில் 5 கிலோ வரை நிறுக்கும் மின்தராசு ஒன்றை வாங்கி, 80 பக்கக் கொப்பி ஒன்றையும் அதன் பக்கத்தில் வைத்து 16 மாதங்கள் ஆகின்றன. இரத்தத்தில் சீனி எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அங்கே நான் சொன்ன சாப்பாட்டு விவரத்தைக் கேட்டவர், "இவ்வளவுதான் சாப்பிடுகிறீர்கள் என்றால் இந்த எடை வராதே" என்று கிளினிக் கொப்பியை மூடிவிட்டார். பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்தது எனக்கு வலித்தது. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்ன கணக்கு பிழையாகத்தான் இருந்தது. அந்தப் பிழை எங்கே இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் 30 நாட்கள் நேர்மையாக எழுதினேன். கைப்பேசிச் செயலியில் ஒவ்வோர் உணவுக்கும் கலோரி பார்த்துக் கூட்டினேன். நாளொன்றுக்குச் சராசரி 1,280 வந்தது. அந்த 30 நாட்களிலும் என் எடை 68 கிலோவிலேயே நின்றது.

சும்மா படுத்திருந்தாலும் உடம்புக்குத் தேவைப்படும் கலோரியைப் பெண்களுக்கு இப்படிக் கணக்கிடலாம்: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கையும் 161-ஐயும் கழிக்க வேண்டும். எனக்கு 68 கிலோ, 154 சென்டிமீற்றர், 43 வயது. வருவது ஏறத்தாழ 1,270. நானோ பாடசாலைப் படிகளில் ஏறி இறங்கி, நாள் முழுவதும் நின்று கற்பிப்பவள். அதற்காக ஒன்றரையால் பெருக்கினால் 1,900 அளவில் வரும். சூத்திரம் ஆளுக்கு ஆள் நூறு இருநூறு தவறலாம், அறுநூறு தவறுவது அரிது. எடை மாறாமல் இருக்கிறது என்றால் உள்ளே போவதும் செலவாவதும் சமம். ஆகவே என் கொப்பியில் நாளொன்றுக்கு அறுநூறு கலோரி அளவில் காணாமல் போயிருந்தது.

இது எனக்கு மட்டும் நடப்பதல்ல என்று படித்தபோதுதான் மனம் ஆறியது. 1992-இல் நியூயோர்க்கில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன 10 பேரை ஆராய்ந்தார்கள். கனமான ஐதரசன், ஒட்சிசன் அணுக்கள் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, பின்னர் சிறுநீரில் அவை எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று பார்க்கும் முறை அது. ஐதரசன் நீராக மட்டுமே வெளியேறும், ஒட்சிசன் நீராகவும் மூச்சில் கரியமில வாயுவாகவும் வெளியேறும். அந்த வித்தியாசத்திலிருந்து உடம்பு எரித்த சக்தி தெரிந்துவிடும். அதில் ஒருவர் சொல்லும் வார்த்தைக்கு இடமே இல்லை. அந்தப் பத்துப் பேரின் உடம்பும் சாதாரணமாகவே சக்தியைச் செலவழித்தது. அவர்கள்தாம் சராசரியாக, சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். ஏமாற்ற வந்தவர்கள் அல்லர், உதவி தேடி வந்தவர்கள்.

அறுநூறைத் தேடும் வேலையை ரொட்டியிலிருந்து தொடங்கினேன். செயலியில் "ரொட்டி" என்று தேடி, ஒன்றுக்கு 120 கலோரி என்று போட்டிருந்தேன். அது வட இந்தியச் சப்பாத்தியின் கணக்கு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எங்கள் ரொட்டி என்னவென்று தெரியும்: உள்ளங்கை நிறையப் பிசைந்த கோதுமை மா, துருவிய தேங்காய், விரல் பருமன், இரண்டு தின்றால் மத்தியானம் வரை கொழுந்து மலையில் நிற்கலாம். ஒரு சனிக்கிழமை பிசைவதற்கு முன்னால் எல்லாவற்றையும் நிறுத்தேன். மா 500 கிராம், தேங்காய்ப்பூ 100 கிராம். இரண்டுமே 100 கிராமுக்கு 350 கலோரி அளவில் கொண்டவை. மாவில் 1,750, தேங்காயில் 350, மொத்தம் 2,100. அதில் ஆறு ரொட்டி வந்தது. ஒன்று 350 கலோரி. நான் இரண்டுக்கு 240 என்று எழுதிவந்தது உண்மையில் 700. கிழமைக்கு நான்கு நாள் காலையில் ரொட்டி என்றால், ஏழு நாளுக்கும் பரப்பிப் பார்க்க நாளொன்றுக்கு 260 அங்கேயே கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டுப் பண்டம் எதையும் சுட்ட பிறகு அளப்பதில்லை. சேர்க்கும் பொருட்களை நிறுத்து, வந்த எண்ணிக்கையால் வகுக்கிறேன்.

அடுத்தது எண்ணெய். கறிக்கு ஒரு தேக்கரண்டி என்று எழுதியிருந்தேன், தேக்கரண்டிக்கு ஐந்து கிராம் என்பது புத்தகக் கணக்கு. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். எங்கள் சமையலறையில் விடியற்காலையில் அது போத்தலில் வெள்ளையாக நிற்கும். அதனால் வாய் அகன்ற போத்தலில் வைத்துக் கரண்டியால் தோண்டி எடுப்போம். அப்படித் தோண்டிய ஒரு கரண்டியைத் தராசில் வைத்தேன். கரண்டியின் மேல் குன்று போல நின்ற எண்ணெய் 12 கிராம் காட்டியது. கீழ்நாட்டில் வழியும் எண்ணெயை ஊற்றுகிறவருடைய கரண்டியும் என்னுடைய கரண்டியும் ஒன்றல்ல.

ஆனால் ஒவ்வொரு தாளிப்பையும் நிறுத்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது, வேலைக்குப் போகும் பெண்ணால் நிச்சயமாக முடியாது. ஆகவே எண்ணெய், சீனி இரண்டுக்கும் மாதக் கணக்குக்கு மாறினேன். முதலாம் திகதி போத்தலையும் சீனிப் பேணியையும் நிறுத்து எழுதுவேன். இடையில் வாங்குவதைக் கூட்டுவேன். முப்பது நாள் கழித்து மீதியைக் கழிப்பேன். பொரித்துவிட்டு ஊற்றிய எண்ணெயையும் நிறுத்துக் கழிப்பேன். முதல் மாதம் எண்ணெய் 2,040 கிராம் போயிருந்தது. நான்கு பேர், முப்பது நாள்: ஆளுக்கு 17 கிராம், 150 கலோரி. நான் எழுதிவந்தது 45. சீனி 3,600 கிராம், ஆளுக்கு 30 கிராம், 120 கலோரி. நான் எழுதிவந்தது மூன்று தேத்தண்ணிக்கு மூன்று மட்டக் கரண்டி, 48. தேத்தண்ணி உண்மையில் ஐந்து, கரண்டியும் மட்டமானதல்ல. சமமாகப் பிரிப்பது சரியல்ல என்பது தெரியும், என் மகனுடைய பங்கில் பொரியல் கூடுதல். அதனால் இந்த இரண்டையும் ஒற்றை எண்ணாக எழுதாமல், முன்னே பின்னே நாற்பது கலோரி விட்டு எழுதுகிறேன்.

இதுவரை கிடைத்தது 440 அளவில். மீதி எங்கே என்று கொப்பியைப் புரட்டியபோது, முப்பதில் ஐந்து நாட்கள் வெற்றாகக் கிடந்தன. ஒரு கலியாண வீடு, கோயில் திருவிழா இரண்டு நாள், கொழும்பிலிருந்து சின்னம்மா வந்த நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிகம் சாப்பிட்ட நாட்களே எழுதப்படாத நாட்கள். எழுதிய 25 நாட்களின் சராசரியை மாதத்தின் சராசரி என்று நம்பியிருந்தேன். எழுதுகிற நாளில் கை தானாகவே குறைத்துப் போடுகிறது என்பதும் உண்மை. கொப்பி மேசையில் கிடந்தால் இரண்டாம் அகப்பைச் சோற்றுக்கு நான் போவதில்லை. இப்போது வெற்று நாள் விடுவதில்லை. கலியாண வீட்டுக்கும் "1,200 முதல் 1,800" என்று அகலமாகவாவது எழுதிவிடுகிறேன்.

என் அம்மாவிடம் கற்றதைச் சொல்லாமல் முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இப்போது வீட்டில் இருக்கிறார், சீனி வருத்தமும் இருக்கிறது. "இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், அம்மா?" என்று கேட்டால், "நான் எங்கே பிள்ளை சாப்பிட்டேன், மத்தியானம் கொஞ்சம் சோறு" என்பார். மறைக்கிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நம் வாயில் சாப்பாடு என்றால் சோறு, அல்லது உட்கார்ந்து தின்ற ரொட்டி. தேத்தண்ணி சாப்பாடு அல்ல. அதோடு கடித்த பணிஸ் சாப்பாடு அல்ல. பேரன் மிச்சம் வைத்த ரொட்டித் துண்டு, வீணாகக்கூடாது என்று வாயில் போட்டது. உப்புப் பார்த்த குழம்பு, சமையல் வேலை. அவர் கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னார். கேள்விதான் பிழை.

ஆகவே கேள்வியை மாற்றினேன். நாளை நேரத்தால் பிரித்து, "எழுந்தவுடன் என்ன குடித்தீர்கள், அதோடு என்ன கடித்தீர்கள்? பத்து மணித் தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி?" என்று கேட்கிறேன். "சீனி போட்டீர்களா?" என்று கேட்டால் இல்லை என்று வரும். எத்தனை கரண்டி என்று கேட்டால் இரண்டு என்று வரும். முதல் கேள்வியில் குற்றச்சாட்டு இருக்கிறது. கடைசியாக, மறந்துபோகும் பண்டங்களைப் பெயர் சொல்லிக் கேட்பேன்: பிஸ்கட், வாழைப்பழம், பிள்ளைகளின் மிச்சம், யாராவது கொடுத்த இனிப்பு. உணவு ஆய்வுகளில் முந்தைய நாள் உணவைக் கேட்கிறவர்களும் இப்படிப் பலமுறை திரும்பி வந்து கேட்கிறார்கள், அதில் மறந்தவற்றுக்கென்றே ஒரு சுற்று இருக்கிறது. கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே அரிது, அது எனக்கும் புரிகிறது.

தராசைப் பற்றி: ஒரு கிராம் படி காட்டுகிறது, ஆனால் மெதுவாகத் தூவும் இரண்டு மூன்று கிராமை அது உணர்வதில்லை. அதனால் பாத்திரத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை, அளவுச் சாடியில் ஒரு லீற்றர் தண்ணீர் எடுத்து ஒரு கிலோ காட்டுகிறதா என்று பார்க்கிறேன். பனிக்காலத்தில் மின்கலம் வைக்கும் இடத்தில் பச்சையாகப் பூத்துவிட்டது, துடைத்த பிறகுதான் எண்கள் நிலைத்தன. மழைக் கிழமைகளில் துணியில் சுற்றி அடுப்புக்கு எதிர்ப்பக்கத் தட்டில் வைக்கிறேன்.

உடம்பு நிறுக்கும் தராசுதான் இந்தக் கொப்பிக்குச் சாட்சி. ஒருநாள் எடையை நம்பக்கூடாது, கருவாடு தின்ற மறுநாளும் மாதவிடாய்க்கு முன்னும் எனக்கு ஒரு கிலோ ஏறும். காலையில் வெறும் வயிற்றில் நிறுத்து, கிழமைச் சராசரி எடுத்து, நான்கு கிழமை இடைவெளியில் ஒப்பிடுகிறேன். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. நான்கு கிழமையில் அரைக் கிலோ ஏறியிருந்தால் நாளொன்றுக்கு 140 அளவில் மிகை, கொப்பி என்ன சொன்னாலும் சரி. கர்ப்பிணிகளுக்கும், கால் வீக்கம் அல்லது சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது, அங்கே எடையில் ஏறுவது நீராக இருக்கலாம்.

நான்கு மாதத்துக்குப் பிறகு என் கொப்பிக்கும் எடைக்கும் உள்ள இடைவெளி நூறு கலோரிக்குள் வந்தது. அதன் பிறகுதான் குறைக்கவே தொடங்கினேன்: ரொட்டி இரண்டிலிருந்து ஒன்று, தேத்தண்ணிக்குச் சீனி ஒரு மட்டக் கரண்டி. இன்றைய கிழமைச் சராசரி 63.9. இந்த மாத எண்ணெய் இரண்டாவது போத்தலில் இருக்கிறது. 26-ஆம் திகதி காலை, உறைந்தபடியே, 310 கிராம் மீதி.