சரணம் விட்டுச் சரணம் தாவ: ஆடாசிட்டியில் பாட்டு வெட்டும் அனுபவம்

தர்மபுரியில் விசேஷ வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பாட்டு வெட்டுவதற்குச் சில வருடங்களாக ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்தான். இலவசம், என் பழைய கம்ப்யூட்டரிலும் முனகாமல் ஓடுகிறது. பாட்டின் உச்சத்தில் பெரிய போட்டோ திரையில் விழ வேண்டிய வேலைக்கு அது எப்படி என்று சொல்கிறேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு அறுபதாம் கல்யாணம். மகன் கொடுத்த பாட்டில் இரண்டாம் சரணம் முடிந்து, வயலின்கள் எல்லாம் சேர்ந்து பல்லவி திரும்பும் இடம்தான் உச்சம். அது வருவது 3:25-இல். “ரெண்டு நிமிஷத்துக்குள்ள அப்பா அம்மா கல்யாண போட்டோ வந்துடணும்ணா, அப்புறம் எல்லாரும் பந்திக்குப் போயிடுவாங்க” என்றார்.

முன்பகுதியை அப்படியே தூக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் பல்லவியை ஒரு தடவையாவது கேட்டிருந்தால்தான் அது திரும்பும்போது உடம்பு சிலிர்க்கும். அதனால் நடுவில்தான் கை வைக்க வேண்டும். பெரும்பாலான சினிமாப் பாட்டுகளில் இரண்டு சரணத்துக்கும் மெட்டு ஒன்றுதான். இந்தப் பாட்டில் முதல் சரணம் 1:00-இல், இரண்டாவது 2:45-இல் ஆரம்பம். இடையில் உள்ள 105 நொடியை எடுத்தால் உச்சம் 1:40-க்கு வந்துவிடும். நிமிடத்துக்கு 96 பீட், நாலு பீட்டுக்கு ஒரு பார் என்றால் ஒரு பார் 2.5 நொடி; 105 நொடி சரியாக 42 பார். முழு பாராக வெட்டினால் தாளம் இடறாது.

கஷ்டம் வெட்டும் புள்ளியில்தான். பாடகர் பல சமயம் பீட்டுக்குக் கொஞ்சம் முன்பே எடுப்பார். பீட்டிலேயே வெட்டினால் முதல் எழுத்து பாதியாகிவிடும். இரண்டு இடத்திலும் அவர் மூச்சு எடுக்கும் இடைவெளிக்கு, ஒரே அளவு முன்னால் போய் வெட்டுகிறேன். பாட்டு ஓடும்போதே Ctrl+M அழுத்தினால் அடையாளம் விழும். கை எப்படியும் கொஞ்சம் பிந்தும் என்பதால், பெரிதாக்கிப் பார்த்து நகர்த்திக்கொள்வேன். ஒட்டில் ‘டக்’ என்று கேட்டால், வெட்டியதை Undo செய்து, தேர்ந்தெடுத்த பகுதி அப்படியே இருக்கும்போது Z அழுத்தி வெட்டை அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்துக்கு மாற்றினால் போதும். வயலின் இழுப்பு பாதியில் அறுந்தது போல் இருந்தால் Z உதவாது, ஒரு பக்கம் மெல்ல அடங்கும்போதே மறுபக்கம் மெல்ல எழும் சின்ன கிராஸ்ஃபேட் வேண்டும்.

பழைய பாட்டுகளில் இந்தக் கணக்கு அப்படியே பலிக்காது. அப்போது எல்லோரும் சேர்ந்து நேரடியாக வாசித்தார்கள், வேகம் கூடும் குறையும். அங்கே தபலா அடியைக் காதால் பிடித்துத்தான் வெட்ட வேண்டும்.

எனக்குள்ள குறை, ஆடாசிட்டியில் படத்தைப் பார்க்க முடியாது. வெட்டிய பாட்டை WAV-ஆக எடுத்து வீடியோ சாஃப்ட்வேருக்குப் போக வேண்டும். எம்பி3 ஆக்கினால் தொடக்கத்தில் துளி மௌனம் சேர்ந்துவிடும். போட்டோ மெல்லத் தெளிந்து வருவதற்கு 1 நொடி வைத்தால், அதை 1:39-இலேயே ஆரம்பிப்பேன். முழு முகமும் 1:40 அடியில் தெரிய வேண்டும். மண்டபத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், சத்தம் பிந்தி வரும். வயர் கொண்டுபோய்விடுங்கள்.