‘ஃப்யூ’, ‘எ ஃப்யூ’: ஒரு ‘எ’ விட்டுப்போனால் என்ன ஆகும்?

ஆங்கிலத்தில் மச், மெனி இரண்டையும் மாற்றிப் போட்டால் பெரிய சேதம் இல்லை. ‘மெனி இன்ஃபர்மேஷன்’ என்று எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஃப்யூ, லிட்டில் விஷயம் அப்படியல்ல. முன்னால் வரவேண்டிய ‘எ’ விட்டுப்போனாலும் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நிற்கும்; பொருள் மட்டும் எதிர்ப்பக்கம் போய்விடும். பிழை கண்ணில் படாது என்பதால் இதைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன்.

அதற்கு முன் பெயர்ச்சொல் எந்த வகை என்று தெரியவேண்டும். சொல்லுக்கு முன் ‘டூ’ போட்டுப் பாருங்கள். ‘டூ சேர்ஸ்’ சரி, ஆகவே மெனி, ஃப்யூ. ‘டூ ஃபர்னிச்சர்ஸ்’ சரியில்லை, ஆகவே மச், லிட்டில். பொருளை எண்ண முடியுமா என்று யோசித்தால் ஏமாந்துபோவோம். பணத்தை நாள் முழுக்க எண்ணுகிறோம். ஆனாலும் ‘ஹவ் மச் மனி’தான். எண்ணப்படுவது காயின்ஸ், அங்கே ‘ஹவ் மெனி’. அட்வைஸ், லக்கேஜ், எக்விப்மென்ட் எல்லாம் மச் பக்கம். நியூஸும் அப்படித்தான், கடைசியில் ‘ஸ்’ இருக்கிறதே என்று பன்மையாக்கிவிடக் கூடாது.

இனி ஒரு மின்னஞ்சலைப் பார்ப்போம். புதுத் திட்டம் ஒன்றைப் படித்த ஊழியர் மேலாளருக்கு எழுதுகிறார்: ‘ஐ ஹேவ் ஃப்யூ டவுட்ஸ் அபவுட் திஸ் பிளான்.’ தனக்குச் சில கேள்விகள் இருப்பதாகச் சொல்ல நினைத்தார். மேலாளர் படித்ததோ, ‘எனக்குச் சந்தேகம் அனேகமாக இல்லை’ என்று. சம்மதம் கிடைத்ததாக எண்ணி அவர் வேலையைத் தொடங்கிவிடலாம். ‘எ ஃப்யூ’ என்றிருந்தால் ‘சில உண்டு’ என்றாகியிருக்கும். (டவுட்ஸுக்குப் பதில் க்வெஸ்சன்ஸ் என்று எழுதுவது இன்னும் நல்லது, டவுட் என்றால் திட்டத்தின்மேல் நம்பிக்கையில்லை என்ற தொனி வரும்.)

லிட்டிலிலும் இதே கதை. ‘ஷி கேவ் மீ எ லிட்டில் ஹெல்ப்’ என்றால் கொஞ்சம் உதவினார் என்று பொருள். ‘எ’ இல்லாமல் சொன்னால், உதவி என்று சொல்லும்படி எதுவும் செய்யவில்லை என்ற குறையாகிவிடும். நன்றிக் கடிதத்தில் இது வந்தால் எப்படி இருக்கும்!

‘எ’ இருந்தும் கணக்கு மாறும் இடங்களும் உண்டு. ‘ஒன்லி எ ஃப்யூ’ என்றால் திரும்பவும் குறைவுதான். ‘க்வைட் எ ஃப்யூ’ என்றாலோ கணிசமான எண்ணிக்கை.

உண்மையிலேயே குறைவு என்று சொல்லவேண்டுமென்றால், வெறும் ஃப்யூவையும் லிட்டிலையும் விட ‘நாட் மெனி’, ‘நாட் மச்’ என் தேர்வு. பேச்சில் இவைதான் இயல்பாக வருகின்றன, தவறாகப் படிக்கவும் இடமில்லை. நிறைய என்று சொல்லும்போது ‘ஐ ஹேவ் மச் வொர்க்’ விறைப்பாக ஒலிக்கும். ‘எ லாட் ஆஃப் வொர்க்’ என்று சொல்லுங்கள். ‘எ லாட் ஆஃப்’ இரண்டு வகைப் பெயர்ச்சொல்லுக்கும் பொருந்தும்.