சி.வி.யைச் சரிபார்க்க 4,800 ராண்ட் கொடுத்தேன், கையெழுத்து மட்டும் என்னுடையது

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருந்துகொண்டு விமான நிறுவன வேலைக்கு மனுப் போடும் நம்மாட்கள் யாராவது, "உங்கள் சி.வி. விளம்பரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத் தருகிறோம்" என்று காசு வாங்கும் ஆளிடம் போவதாக இருந்தால், முதலில் என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கு 36 வயது. லான்சேரியா விமான நிலையத்திலிருந்து செஸ்னா கேரவன் விமானம் ஓட்டுகிறேன். விலங்குகள் சரணாலயத்து விடுதிகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய் மண் ஓடுபாதையில் இறக்கும் வேலை. போன வருடம் ஒரு நிறுவனம் ஏடிஆர் 72 விமானத்துக்குக் கோ-பைலட் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தது. கேட்டது நான்கு விஷயம். விமானத்தில் பறந்த மொத்த நேரம் 1,500 மணி. அதில் 500 மணி மல்டி என்ஜின் டர்பைன். ஏடிஆர் டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி, கடந்த 12 மாதத்துக்குள் சோதனை முடித்ததாக. முதல் வகுப்பு மெடிக்கல், அதன் காலாவதித் தேதியோடு. கடைசி நாள் மார்ச் 31.

சாட்ஸ்வர்த்தில் ஒரு கல்யாண வீட்டில் என் மச்சான் ஒருவரை அறிமுகப்படுத்தினான். "அண்ணன் விமான நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவர்" என்றான். நானும் அண்ணா என்றே கூப்பிட்டேன். கட்டணம் 4,800 ராண்ட், முன்பணம். இரண்டே நாளில் பதில் வந்தது: "தம்பி, நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு." அவர் நிரப்பிய படிவத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். முட்டாள்தனம் என்னுடையதும்தான்.

பத்து நாள் கழித்து அந்த நிறுவனத்தின் பைலட் ஒருவர் போனில் பேசினார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். "உங்கள் மல்டி என்ஜின் டர்பைன் 1,090 மணி எந்தெந்த விமானத்தில்?" என்று கேட்டார். அப்போதுதான் படிவத்தை ஒழுங்காகப் படித்தேன்.

என் லாக்புக் கணக்கு இது. கேரவனில் 900 மணி, கிங் ஏர் 200-ல் கோ-பைலட்டாக 190, செனக்காவில் 120, பயிற்சியிலும் பின்னால் சொல்லிக்கொடுத்ததிலும் சின்ன ஒற்றை என்ஜின் விமானங்களில் 350. ஆக 1,560. சிமுலேட்டரில் 80 மணி, அது தனிப் பத்தியில்.

அண்ணன் கேரவன் 900-ஐயும் கிங் ஏர் 190-ஐயும் கூட்டி மல்டி என்ஜின் டர்பைன் என்று எழுதிவிட்டார். பிறகு கேட்டபோது, "இரண்டிலும் அதே பி.டி.6 என்ஜின்தானே தம்பி" என்றார். என்ஜின் குடும்பம் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேரவனுக்கு ஒன்று, கிங் ஏருக்கு இரண்டு! ஒரு பக்கத்து என்ஜின் நின்றுபோனால் விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அதை ரட்டர் மிதித்து நேராக்கி, நின்ற பக்கத்துப் புரொப்பெல்லர் இதழ்களைக் காற்றுக்கு இடைஞ்சலில்லாமல் திருப்பி, மிச்சமிருக்கும் ஒன்றோடு ஏறத் தெரிய வேண்டும். 'மல்டி என்ஜின்' என்ற வார்த்தைக்குப் பின்னால் இருப்பது அந்தப் பழக்கம். கேரவனில் ஒன்பதாயிரம் மணி பறந்தாலும் அது வராது. செனக்காவில் இரண்டு என்ஜின் உண்டு, ஆனால் அவை பிஸ்டன். ஆக, அந்தக் கட்டத்தில் என் உண்மையான எண் 190. கேட்டது 500. பக்கத்தில்கூட இல்லை.

அந்த 190-க்கும் ஒரு கேள்வி வந்தது. கிங் ஏர் 200 ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானம். வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்ததாலேயே அது கோ-பைலட் நேரமாகிவிடாது. அந்தப் பறத்தலுக்கு இரண்டு பைலட் கட்டாயம் என்று விதியோ கம்பெனி நடைமுறையோ சொல்லியிருக்க வேண்டும். என் பழைய கம்பெனி அப்படி வைத்திருந்தது, அதற்கான கடிதமும் என்னிடம் இருந்தது. அதைப் படிவத்தோடு இணைக்கவில்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்று அண்ணன் கேட்கவே இல்லை.

மொத்த நேரக் கட்டத்தில் 1,640 என்று போட்டிருந்தார். சிமுலேட்டர் 80-ஐயும் சேர்த்துவிட்டார். தேவையே இல்லாத பொய்! 1,560 என்றே 1,500-ஐத் தாண்டுகிறது. சில லைசென்ஸ்களுக்குச் சிமுலேட்டர் நேரத்தில் ஒரு பங்கு கணக்கில் வரும். ஆனால் விளம்பரம் 'விமானத்தில் பறந்த நேரம்' என்றது. அவர்கள் லாக்புக்கின் கடைசிப் பக்கத்துக் கூட்டலோடு ஒப்பிட்டதும் முதலில் இதுதான் இடித்தது, அதிலிருந்துதான் மற்றதையெல்லாம் தோண்டினார்கள்.

டைப் ரேட்டிங் விஷயத்தில் என் மேலும் தப்பு உண்டு. சொந்தக் காசில் சிமுலேட்டரில் ஏடிஆர் ரேட்டிங் எடுத்தேன், லைசென்ஸில் பதிந்தும் இருக்கிறது. அப்புறம் வேலை கிடைக்கவில்லை, விமானத்தையே தொடவில்லை. கடைசிச் சோதனை நடந்து 20 மாதம் ஆகியிருந்தது. லைசென்ஸில் பெயர் இருப்பதும் ரேட்டிங் உயிரோடு இருப்பதும் ஒன்றல்ல. பக்கத்தில் இருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். அண்ணன் 'ஏடிஆர்: உண்டு' என்று எழுதினார்.

மெடிக்கலுக்குத் தேதி கேட்டிருந்த இடத்தில் 'செல்லுபடியாகும்' என்று ஒரே வார்த்தை. என்னுடையது ஏப்ரல் 20-ல் முடிகிறது. மார்ச் 31-ல் செல்லும், உண்மைதான். ஆனால் சிமுலேட்டர் தேர்வு மே மாதம் என்று விளம்பரத்திலேயே இருந்தது. அந்த வரியைப் படித்திருந்தால் முன்கூட்டியே விமான மருத்துவரிடம் போய்ப் புதுப்பித்திருப்பேன். செலவும் ஒரு காலை நேரமும்தான்.

பணம் திருப்பிக் கேட்டேன். "உன்னைப் போனில் கூப்பிட்டார்களே தம்பி, அப்போது என் வேலை முடிந்தது" என்றார். விசாரித்தால், அவர் இதுவரை ஆள் எடுத்துக் கொடுத்தது ஹோட்டல்களுக்காம். அந்த நிறுவனத்தில் என் பெயரின் கீழே 'தவறான தகவல்' என்று குறிப்பு ஏறிவிட்டது. படிவத்தில் அண்ணன் கையெழுத்து எங்கும் இல்லை.

விர்ஜினியா விமானத்தளத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வயதான கேப்டனிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஒன்று மட்டும் கேட்டார்: "அந்த ஆள் உன் லாக்புக்கைக் கேட்டானா?" கேட்கவில்லை. சி.வி.யை மட்டும்தான் கேட்டார். கேப்டன் ஒரு தாளை எடுத்து, விளம்பரத்தின் ஒவ்வொரு வரியையும் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் லாக்புக்கின் பக்க எண்ணையும் லைசென்ஸ், மெடிக்கல் தேதிகளையும் போட வைத்தார். பக்க எண் கிடைக்காத வரியைக் காலியாக விடச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு வரி காலியாக நின்றன: மல்டி என்ஜின் டர்பைன், டைப் ரேட்டிங். மெடிக்கல் வரிக்கு எதிரே சிவப்பு மையில் ஏப்ரல் 20.

அந்த மாதமே மெடிக்கலைப் புதுப்பித்தேன். இப்போது கிங் ஏர் வைத்திருக்கும் ஒரு சார்ட்டர் கம்பெனிக்கு மனுப் போட்டிருக்கிறேன். படிவத்தில் மல்டி என்ஜின் டர்பைன் 190 என்று எழுதி, பழைய கம்பெனிக் கடிதத்தை மேலே வைத்து அனுப்பினேன்.