தள்ளுபடியும் வரியும்: இரண்டு படியா, ஒரே பெருக்கலா?

வரிக்கு முந்தைய விலை 2,500 ரூபாய். 20% தள்ளுபடி, அப்புறம் 18% ஜிஎஸ்டி.

பழகிய வழியில், 500 ரூபாயைக் கழித்தால் 2,000. அதற்கு வரி 360 கூட்டினால் 2,360. பெருக்கல் வழியில் 20% போனால் மிச்சம் 80%, அதாவது 0.80. 18% கூடினால் 1.18. ஆக 2500 × 0.80 × 1.18 = 2,360. விடை ஒன்றுதான். ஆனால் 0.80 × 1.18 = 0.944 என்று ஒருமுறை போட்டுவிட்டால், கடையில் இதே தள்ளுபடியும் வரியும் உள்ள எந்த விலையையும் அதால் பெருக்கினால் போதும். ஒன்றில் மட்டும் கவனம்: 5% கூட்ட 1.05-ஆல் பெருக்க வேண்டும், அவசரத்தில் 1.5 என்று தட்டினால் பாதி விலை கூடிவிடும்.

பில்லில் வரியைத் தனியாகக் காட்ட 360 தேவை, அங்கே பழைய வழிதான் சரி.

பெருக்கல் வழி நிஜமாக ஜெயிப்பது பின்னோக்கிப் போகும்போது. 2,360-இல் வரியை நீக்க 18% கழித்தால் 1,935.20 வரும், தவறு. அந்த 18% கணக்கிடப்பட்டது 2,000-க்கு, 2,360-க்கு அல்ல. 2360 ÷ 1.18 = 2,000. சந்தேகமா? விடையை மறுபடி 1.18-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2,360 திரும்பி வர வேண்டும்.