‘மாத்திரைய விட்டுட்டேன்’: இரண்டு பேர் சேர்ந்து பேட்டிகளைக் குறியிட்ட அனுபவம்

நீரிழிவு நோயாளிகள் மாத்திரை எடுத்துக்கொள்வது பற்றிப் பேசிய 32 தமிழ்ப் பேட்டிகளை நானும் சக ஆய்வாளர் ஒருவரும் பகுதி பகுதியாகப் படித்து, பொருளுக்கேற்பக் குறியிட்டு முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள், எந்தக் குறியீட்டை எப்போது இடுவது என்று விளக்கும் எங்கள் கோட்புக் நான்கு முறை திருத்தப்பட்டது. அதிலுள்ள ஒரேயொரு குறியீட்டின் கதையை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்தக் குறியீட்டின் பெயர் ‘தானாக நிறுத்தியது’. முதல் பதிப்பில் அதற்கு நாங்கள் எழுதியிருந்த விளக்கம் ஒரே வரிதான்: ‘மருத்துவரைக் கேட்காமல் நோயாளி மருந்தை நிறுத்துவது.’ இதைவிடத் தெளிவாக என்ன சொல்ல முடியும் என்றே அப்போது நினைத்தோம்.

இருவரும் ஒரே மாதிரி குறியிடுகிறோமா என்று சோதிக்க நான்கு பேட்டிகளை எடுத்துக்கொண்டோம். முதல் முயற்சி வீணாயிற்று. அவர் வாக்கியம் வாக்கியமாகவும் நான் பத்தி பத்தியாகவும் குறித்திருந்ததால் எதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியவில்லை. பிறகு ஒரு கேள்வியும் அதற்கான முழுப் பதிலும் ஒரு பகுதி என்று வரையறுத்து, முன்கூட்டியே பிரித்த 100 பகுதிகளை எக்செல் தாளில் வரிசையாக இட்டு, ஆளுக்கொரு பிரதியில் தனித்தனியே, இந்தக் குறியீடு பொருந்தினால் 1, பொருந்தாவிட்டால் 0 என்று குறித்தோம்.

இருவரும் 1 இட்டவை 6, நான் மட்டும் இட்டவை 8, அவர் மட்டும் இட்டவை 2, இருவருமே இடாதவை 84. நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போனதில் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு குறியீடு அரிதாக வரும்போது, இருவரும் கண்ணை மூடிக்கொண்டு 0 இட்டாலே பெரும்பாலான இடங்களில் ஒத்துப்போய்விடும். அந்தத் தற்செயல் ஒற்றுமையைக் கழித்துக் காட்டுவதற்காக ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்த அளவுதான் கப்பா. கீழே Po என்பது உண்மையில் ஒத்துப்போன விகிதம், Pe என்பது தற்செயலாகவே ஒத்துப்போகக்கூடிய விகிதம்:

```
Po = 0.90
Pe = 0.14*0.08 + 0.86*0.92 = 0.8024
kappa = (Po - Pe) / (1 - Pe) = 0.49
```

0.49 என்பது ஏற்கத்தக்க அளவல்ல. எல்லாக் குறியீடுகளையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கணக்கிட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. ஆகவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவதையே பரிந்துரைப்பேன்.

வேறுபட்ட பத்துப் பகுதிகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது, ஏழில் ‘விட்டுட்டேன்’ என்ற ஒரே சொல் இருந்தது. ‘போன மாசம் ஊருக்குப் போனப்ப மாத்திரைய விட்டுட்டேன்’ என்கிறார் ஒருவர். வேண்டாமென்று நிறுத்திவிட்டார் என்றும், சாப்பிட மறந்துவிட்டார் என்றும், மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றும் மூன்று விதமாகவும் இதைப் படிக்கலாம். நான் முதற்பொருளைக் கொண்டேன், அவர் இரண்டாவதை. பேட்டி எடுத்தவன் நான் என்பதால் அந்த நோயாளியின் முகமும் குரலும் என் நினைவில் இருந்தன. எழுத்தில் இல்லாத ஒன்றை வைத்து நான் குறியிட்டுக்கொண்டிருந்தேன் என்பது, அந்தப் பேட்டியில் உடனில்லாத இன்னொருவர் படித்ததால் மட்டுமே வெளிப்பட்டது. இதே பேட்டிகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக் குறியிட்டிருந்தால், மொழிபெயர்ப்பாளர் மூன்றில் ஒன்றை எங்களுக்காகத் தேர்ந்தெடுத்திருப்பார். கப்பா உயர்ந்திருக்கும், பிழை உள்ளேயே தங்கியிருக்கும்.

இரண்டாம் பதிப்பில் இக்குறியீட்டின் கீழ் இப்படி எழுதினோம்: நிறுத்தியதற்கான காரணத்தையோ, நிறுத்தவேண்டும் என்று எண்ணியதையோ நோயாளி தம் வாயால் சொல்லியிருந்தால் மட்டுமே இடவேண்டும். மறதி, மருந்து தீர்ந்துபோனது, கையில் எடுத்துச் செல்லாதது ஆகியவற்றுக்கு இடக்கூடாது. அந்தப் பகுதியையும் அதற்கு முந்தைய இரண்டு பகுதிகளையும் படித்தும் முடிவுக்கு வர இயலாவிட்டால் ‘தெளிவில்லை’ என்று இட்டு, பிறகு ஒலிப்பதிவைக் கேட்கவேண்டும். என் அனுபவத்தில், எப்போது இடக்கூடாது என்று சொல்லும் வரியே கோட்புக்கில் மிகுதியாகப் பயன்பட்டது.

திருத்தத்தைப் பழைய பேட்டிகளிலேயே சோதிப்பதில் பொருளில்லை; அவற்றைத்தான் பேசித் தீர்த்துவிட்டோமே. இதுவரை குறியிடாத வேறு நான்கு பேட்டிகளிலிருந்து 100 பகுதிகளை எடுத்தோம். இருவரும் இட்டவை 11, ஒருவர் மட்டும் இட்டவை இரண்டிரண்டு, இருவரும் இடாதவை 85, கப்பா 0.82. கலந்து பேசுவதற்கு முன் கிடைத்த இந்த எண்ணையே அறிக்கையில் கொடுத்தோம்.

அதோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. இருபதாவது பேட்டியை முடித்ததும் ஆரம்பத்தில் குறியிட்ட ஒன்றை இருவரும் மறுபடி குறியிட்டுப் பார்த்தபோது, மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதையும் நான் ‘நிறுத்தியது’ என்பதற்குள் சேர்க்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது. அதற்குத் தனிக் குறியீடு ஒன்றை உருவாக்கி, முடித்திருந்த இருபதையும் மீண்டும் படித்தோம். மூன்று வாரங்கள் போயின. தவிர்த்திருக்க முடியாத மூன்று வாரங்கள்.

ஆய்வாளரின் பார்வையே பகுப்பாய்வின் கருவி என்று கொள்ளும் முறைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. பிரதிபலிப்புக் கருப்பொருள் பகுப்பாய்வை வகுத்த பிரவுனும் கிளார்க்கும் அதை வெளிப்படையாகவே மறுக்கிறார்கள். எங்கள் கேள்வி எத்தனை பேர் எந்தக் காரணத்தால் மருந்தை நிறுத்தினார்கள் என்பதாக இருந்ததால் எங்களுக்கு அது தேவைப்பட்டது. ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டும் தெளியாத மூன்று ‘விட்டுட்டேன்’கள் இன்றும் எங்கள் தாளில் ‘தெளிவில்லை’ என்ற நிரலிலேயே இருக்கின்றன.