மதினி எழுதிய இரண்டு மெயில்

பாளையங்கோட்டையில் இருக்கும் என் மதினி 2019 வரை ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்த்தவர். மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், வண்ணார்பேட்டையில் ஒரு வேலைக்கு மெயில் எழுதினார். முதலில் எழுதியது இது:

“குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஐந்து வருடம் வேலைக்கு வர முடியவில்லை. மன்னிக்கவும். வாய்ப்புக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன்.”

திருத்திய பிறகு:

“2019 முதல் 2024 வரை குழந்தை வளர்ப்புக்காக விலகியிருந்தேன். இப்போது முழுநேர வேலைக்குத் தயார். இடையில் வந்த GSTR-2B-யை, உறவினர் கடைக் கணக்கில் மூன்று மாதம் ஒத்துப்பார்த்துப் பழகியிருக்கிறேன்.”

முதலாவதில் ‘மன்னிக்கவும்’ என்றதுமே ஏதோ தப்பு நடந்த மாதிரி ஆகிவிடுகிறது. ‘ஆள் இல்லாததால்’ அதைவிட மோசம். இப்போது மட்டும் ஆள் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும். இரண்டாவதில் வருடம், காரணம், இன்றைய நிலை மூன்றும் வந்துவிடுகின்றன.

ஆனால் வேலையை நகர்த்துவது கடைசி வரிதான். கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியில் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் GSTR-2B அறிக்கை வந்தது 2020-இல், மதினி விலகிய பிறகு. கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவரின் உண்மையான சந்தேகமே அங்கேதான். பழகாமல் அந்த வரியை எழுதக்கூடாது. நேர்காணலில் இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். பழகவில்லையா, முதல் இரண்டு வரி போதும்.

“அத்தை பிள்ளையைப் பார்த்துப்பாங்கன்னு போடட்டுமா?” என்றார் மதினி. வேண்டாம் என்றேன், கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம். இடைவெளியைச் சொல்லும் இந்தப் பத்தியையும், மெயிலில் பழைய வேலை அனுபவத்தைச் சொன்ன பிறகே வைத்தோம்.